‘முதல்’ என்ற சொல் வெட்டுப்படாமல் இருக்க: ஒரே விளம்பரத்தைப் பல அளவுகளுக்கு மாற்றும் முறை

செங்கோட்டையில் என் அத்தானுக்கு ஜவுளிக்கடை இருக்கிறது. ஓணத்துக்கு முந்தைய மூன்று வாரங்களில் ஆரியங்காவு, தென்மலை, புனலூர்ப் பக்கத்திலிருந்து மலைப்பாதை வழியாக ஆட்கள் துணி எடுக்க வருவார்கள். அவர்களுக்காக இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் விளம்பரம் போடும் பொறுப்பு என்னுடையது. முதல் வருடம் ஒரே படத்தை வாங்கி, அதையே ஒவ்வோர் இடத்துக்கும் ஓரங்களை வெட்டி வெட்டிப் போட்டேன். ‘கசவுப் புடவைகள் 499 ரூபாய் முதல்’ என்று இருந்த வரியில், சதுரமாக வெட்டியபோது வலது ஓரத்தில் இருந்த ‘முதல்’ போய்விட்டது. மறுநாள் ஆரியங்காவிலிருந்து வந்த ஓர் அம்மா 1,800 ரூபாய்ப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, “எல்லாம் 499 என்றுதானே போட்டிருக்கிறீர்கள், தம்பி?” என்று கேட்டார். கைபேசியில் படத்தையும் காட்டினார். அவர் சொன்னதில் பிழையே இல்லை. அத்தான் அந்தப் புடவையை வாங்கிய விலைக்கே கொடுத்தார்.

அதே விளம்பரம் ரீல்ஸில் வந்தபோது கீழே இருந்த ‘செங்கோட்டை, பஸ் நிலையம் அருகில்’ என்ற வரி கடைப்பெயருக்கும் பொத்தானுக்கும் பின்னால் மறைந்துவிட்டது. கடை எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டே பல அழைப்புகள் வந்தன. இரண்டு தவறும் உங்களுக்கு நேராமல் இருக்க, நான் இப்போது செய்யும் முறையை அப்படியே எழுதுகிறேன்.

1. வேலையைத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முடிந்துபோன ஒரு படத்தை வைத்துக்கொண்டு அளவை மாற்ற முடியாது. அதில் எழுத்தும் படமும் சின்னமும் ஒன்றாக ஒட்டியிருக்கும். எனவே வடிவமைத்தவரிடம் திருத்தக்கூடிய மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கோரல்டிராவில் செய்திருந்தால் அந்தக் கோப்பு, போட்டோஷாப்பில் செய்திருந்தால் அடுக்குகள் பிரிந்தே இருக்கும் கோப்பு, கேன்வாவில் செய்திருந்தால் திருத்தும் உரிமையுடன் கூடிய இணைப்பு. விலை பேசும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்த பிறகு கேட்டால் தனிக்கட்டணம் கேட்பார்கள், அல்லது தர மறுப்பார்கள். என்னிடம் ஓர் அளவுக்கு 350 ரூபாய் என்றார்கள். இரண்டு மொழி, மூன்று அளவு என்று கணக்குப் போட்டால் 2,100 ரூபாய். மூலக் கோப்போடு சேர்த்து ஒரே தொகையாகப் பேசியபோது 1,200 ரூபாயில் முடிந்தது.

அதோடு இன்னும் மூன்று வேண்டும். கடையின் சின்னம் எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காத வெக்டர் கோப்பாக இருக்க வேண்டும். பில் புத்தகத்திலிருந்தோ வாட்ஸ்அப் முகப்புப் படத்திலிருந்தோ எடுத்த சின்னம் ஓரம் சிதைந்து தெரியும். புடவையின் படம் எழுத்தில்லாமல் தனியாக வேண்டும், அதுவும் நெட்டுவாக்கில் எடுத்ததாக, 1080 × 1920 பிக்சலுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கோப்புகளை வாட்ஸ்அப்பில் வாங்கினால் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும்.

மூன்றாவது, முடிவான வாசகம். எங்கள் பக்கத்தில் தமிழ், மலையாளம் இரண்டிலும் வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே படத்தில் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இடம் பாதியாகும், இரண்டு எழுத்தும் சிறுத்துப்போகும். மொழிக்கொரு விளம்பரமாகச் செய்து, தென்காசிப் பக்கத்துக்குத் தமிழையும் புனலூர்ப் பக்கத்துக்கு மலையாளத்தையும் எந்த ஊர்களில் தெரிய வேண்டும் என்ற இடக்குறியைத் தனித்தனியாகக் கொடுத்து விடுங்கள். செங்கோட்டையை மையமாக வைத்து ஒரே வட்டம் போட்டால் அது மலையின் இரண்டு பக்கமும் விழும், மொழி பிரியாது. மலையாள வாசகத்தை மலையாளத்தில் படித்து வளர்ந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே வடிவமைப்புக்குக் கொடுங்கள்.

2. எந்தச் சொல் போனால் பொருள் மாறும் என்று முதலில் குறியுங்கள்

ஒரு தாளில் விளம்பரத்தின் எல்லாச் சொற்களையும் எழுதி, ஒவ்வொன்றாகக் கையால் மறைத்துப் படித்துப் பாருங்கள். எதை மறைத்தால் விளம்பரம் பொய்யாகிறதோ, அல்லது பயனில்லாமல் போகிறதோ, அதுதான் வெட்டுப்படக் கூடாத சொல்.

தமிழில் இதற்கென்று தனி ஆபத்து ஒன்று இருக்கிறது. எல்லை சொல்லும் சொல் நமக்கு வரியின் கடைசியில்தான் வரும். ‘499 ரூபாய் முதல்’, ‘50% வரை’, ‘ஞாயிறு மட்டும்’ என்று எழுதுகிறோம். எனவே வலது ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் முதலில் போவது அந்தச் சொல்தான். மீதியிருப்பதும் முழு வாசகம் போலவே தெரிவதால், குறை இருப்பதே கண்ணில் படாது. மலையாளத்திலும் அதே ‘முதல்’ விலைக்குப் பின்னால்தான் வருகிறது.

எங்கள் விளம்பரத்தில் இப்படிக் குறித்தவை நான்கு: கடைச் சின்னம், ‘கசவுப் புடவைகள்’, ‘499 ரூபாய் முதல்’, ஊரும் தொலைபேசி எண்ணும். ‘ஓணம் நல்வாழ்த்துகள்’, பூக்கோலம், குத்துவிளக்குப் படம் இவை எல்லாம் அழகுக்கு. வெட்டுப்பட்டால் படட்டும்.

3. நெட்டுப் படத்தில் நான்கு கோடுகள்

இந்தப் படியைச் சரியாகச் செய்தால் மீதி வேலை மிகவும் குறையும். மூலப் படத்தை 1080 × 1920 அளவில், அதாவது ஸ்டோரியும் ரீல்ஸும் கேட்கும் 9:16 வடிவில் அமைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு முக்கிய வடிவங்கள் இதற்குள்ளிருந்தே வெளிவரும். பதிவுக்கான 4:5 வடிவம் 1080 × 1350. சதுரம் 1080 × 1080. மூன்றுக்கும் அகலம் ஒன்றுதான், உயரம் மட்டுமே குறைகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். நடுவைப் பிடித்து 4:5 ஆக வெட்டினால் மேலும் கீழும் 285 பிக்சல் போகும். சதுரமாக வெட்டினால் மேலும் கீழும் 420 போகும். எனவே சதுரத்தில் மிஞ்சுவது மேலிருந்து 420 முதல் 1500 வரை உள்ள பகுதி.

ஆனால் ரீல்ஸ் விளம்பரத்தில் எதுவும் வெட்டுப்படாமலே மறைந்துபோகும். மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், பக்கத்துக்கு 6 சதவீதம் காலியாக விட வேண்டும் என்பது பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம் விளம்பரதாரர்களுக்குச் சொல்லும் அளவு. கணக்கின் பெயர், வாசகம், பொத்தான், விருப்பக்குறி எல்லாம் அந்த இடங்களில் வந்து உட்காரும். 1920-இல் 35 சதவீதம் என்றால் 672. ஆகவே 1248-க்குக் கீழே எழுதியது படிக்கக் கிடைக்காது. ஸ்டோரிக்குக் கீழே 20 சதவீதம் விட்டால் போதும் என்றாலும், ரீல்ஸுக்கு ஏற்றபடி வைத்தால் இரண்டுக்கும் சரியாகிவிடும்.

பலர் தவறுவது இங்கேதான். நடுவில் வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். ரீல்ஸில் தெளிவாகத் தெரியும் பகுதியின் நடு, படத்தின் நடுவைவிட ஏறக்குறைய 200 பிக்சல் மேலே இருக்கிறது. சதுரத்தின் அடிப்பகுதியில் ஊர்ப்பெயரை எழுதினால், சதுரத்தில் நன்றாகத் தெரியும் அதே வரி ரீல்ஸில் பொத்தானுக்குப் பின்னால் போய்விடும். எங்களுக்கு நடந்ததும் இதுதான்.

இரண்டு வரம்புகளையும் சேர்த்தால் நான்கு கோடுகள் கிடைக்கின்றன: மேலிருந்து 420, மேலிருந்து 1248, இடமிருந்து 65, இடமிருந்து 1015. கேன்வாவில் அளவுகோலைக் காட்டச் செய்தால் ஓரத்திலிருந்து கோடுகளை இழுத்து வைக்கலாம். நடுவில் கிடைக்கும் கட்டம் 950 அகலம், 828 உயரம். அந்த நான்கு முக்கியச் செய்திகளும் இந்தக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் சொற்களைக் குறையுங்கள், கோட்டை நகர்த்தாதீர்கள்.

4. கட்டத்துக்குள் அடுக்குவது

எங்கள் தமிழ் விளம்பரத்தில் 420 முதல் 570 வரை சின்னம். 580 முதல் 760 வரை ‘கசவுப் புடவைகள்’. அதன் கீழே 1000 வரை விலை. 1030 முதல் 1230 வரை ஊரும் எண்ணும், இரண்டு வரியாக.

சின்னத்தை மேல் மூலையில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அச்சு நோட்டீஸில் அது சரி. திரையில் முதலில் வெட்டுப்படுவதும் மறைக்கப்படுவதும் மூலைகள்தான்.

விலை வரியில் எண்ணைப் பெரிதாகப் போட்டு ‘ரூபாய் முதல்’ என்பதை அதன் வலப்பக்கத்தில் சிறிதாக ஒட்டுவது வழக்கம். நான் அதை மாற்றிவிட்டேன். எண்ணுக்கு நேர் கீழே ‘ரூபாய் முதல்’ வருகிறது, எண்ணின் உயரத்தில் பாதி அளவுக்குக் குறையாமல். எண்ணையும் சொல்லையும் ஒரே தொகுதியாகக் கட்டிப் பூட்டிவிடுங்கள். பிறகு யார் எடுத்து நகர்த்தினாலும் இரண்டும் சேர்ந்தே நகரும். சேர்ந்தே சிறுக்கும்.

எழுத்தளவு குறித்துச் சொல்ல வேண்டும். 1080 பிக்சல் அகலப் படம் கைபேசித் திரையில் ஏறக்குறைய 68 மில்லிமீட்டர் அகலத்தில் தெரிகிறது, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 16 பிக்சல். 48 அளவு எழுத்து கண்ணுக்கு 3 மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே போனால் ‘ம்’ என்பதில் உள்ள புள்ளி ஒட்டிக்கொள்ளும். எங்கள் கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் நாற்பது வயதைக் கடந்தவர்கள், ஆகவே முகவரி வரிக்குக்கூட 52-க்குக் கீழே இறங்குவதில்லை.

தமிழில் கொக்கிகள் எழுத்துக்கு மேலே எழும்பும், ‘மு’, ‘பு’ போன்றவை சில எழுத்துருக்களில் கீழே இறங்கும். எழுத்துப் பெட்டியை இறுக்கமாக வைத்தால் ‘கி’ என்பதன் கொக்கி நறுக்கப்பட்டு ‘க’ போல நிற்கும். மலையாளக் கூட்டெழுத்துகள் கீழே இன்னும் அதிகமாக இறங்கும். வரி இடைவெளியை எழுத்தளவைப் போல 1.3 மடங்காவது வைத்து, பெரிதாக்கிப் பாருங்கள்.

பின்னணிக்கு எங்களுக்குக் கசவுப் புடவையே உதவியது. உடல் முழுவதும் வெறும் சந்தன வெண்மை, ஓரத்தில்தான் பொன்னிறக் கரை. கட்டத்துக்குள் வெறும் துணி வரும்படியும், கரை மேலும் கீழும் ஓடும்படியும் படம் எடுத்தோம். எந்த வடிவமாக வெட்டினாலும் துணியில்தான் கொஞ்சம் குறைகிறது. நீங்கள் ஆள் படம் வைப்பதானால் முகத்தையும் வெட்டுப்படக் கூடாதவற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள். நெற்றியோடு வெட்டுப்பட்ட முகம் கடைக்கு நல்லதல்ல.

5. மூன்று வடிவங்களாகப் பிரித்தல்

கேன்வாவில் அளவு மாற்றும் வசதி கட்டணத் திட்டத்தில் இருக்கிறது. கட்டணம் இல்லாமல் செய்ய, 1080 × 1350, 1080 × 1080 என இரண்டு புதிய வடிவமைப்புகளைத் திறந்து, மூலத்திலிருந்து எல்லாவற்றையும் தேர்ந்து நகலெடுத்து ஒட்டி, மேல்நோக்கி நகர்த்துங்கள். 4:5-க்கு 285, சதுரத்துக்கு 420. ஓரத்தைப் பிடித்து இழுத்து நெருக்காதீர்கள். எழுத்து சப்பையாகிவிடும், சின்னத்தின் வட்டம் முட்டையாகும்.

இப்படி நகர்த்திய பிறகு சதுரத்தில் உங்கள் கட்டம் மேல் விளிம்பை ஒட்டி நிற்கும், கீழே 252 பிக்சல் காலியாக இருக்கும். பார்க்க நன்றாக இராது. அங்கே கட்டத்தை மொத்தமாக 120 பிக்சல் கீழே இறக்கிக்கொள்ளலாம். சதுரத்தின் மேல் எதுவும் வந்து மறைக்காது என்பதால் ஆபத்தில்லை. ரீல்ஸ் படத்தில் மட்டும் கோட்டைத் தாண்டக் கூடாது.

பதிவாகப் போடுவதற்குச் சதுரத்தைவிட 4:5 நல்லது. இன்ஸ்டாகிராமில் கடையின் கணக்குப் பக்கத்தில் படங்கள் அடுக்கித் தெரியும் கட்டங்கள் 2025 தொடக்கத்தில் 3:4 ஆக மாறின. 4:5 படம் அங்கே பக்கத்துக்கு 34 பிக்சல் மட்டும் இழக்கிறது, நாம் விட்ட 65 அதைத் தாங்கும். சதுரப் படம் பக்கத்துக்கு 135 பிக்சல் இழக்கிறது. வலது ஓரத்தில் ‘முதல்’ மறுபடியும் போய்விடும்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் சோம்பல் படாதீர்கள். மலையாள விளம்பரம் தென்காசிக்கும் தமிழ் புனலூருக்கும் மாறிப் போன அனுபவம் எனக்கு உண்டு.

```
onam_ta_9x16.png
onam_ta_4x5.png
onam_ta_1x1.png
onam_ml_9x16.png
```

6. கிடைப் படத்தை வெட்டி எடுக்க முடியாது

1200 × 628 என்ற கிடை வடிவத்துக்கு மேலே சொன்ன வழி பொருந்தாது. 1080 அகலத்தில் அந்த விகிதத்துக்கு உயரம் 565 மட்டுமே வரும். நம் கட்டத்தின் உயரம் 828. எப்படி வெட்டினாலும் சின்னமோ ஊரோ போய்விடும். ஆகவே புதிய பக்கம் திறந்து, அதே நான்கு தொகுதிகளையும் பக்கவாட்டில் அடுக்குங்கள். இடது மூன்றில் ஒரு பங்கில் சின்னமும் அதன் கீழே ஊரும், வலது இரண்டு பங்கில் ‘கசவுப் புடவைகள்’, அதன் கீழே விலைத் தொகுதி. ஓரங்களில் 80 பிக்சல் விடுங்கள்.

கூகுளின் ரெஸ்பான்சிவ் விளம்பரத்துக்கு இதையும் கொடுக்க வேண்டாம். அங்கே தலைப்பு, விவரம், சின்னம் எல்லாவற்றையும் தனித்தனிப் பெட்டிகளில் வாங்கி, இடத்துக்கு ஏற்றபடி அவர்களே அடுக்குகிறார்கள். எழுத்தில்லாத புடவைப் படத்தை 1200 × 628, 1200 × 1200 என இரண்டு அளவில் கொடுங்கள். சின்னத்தைச் சதுரமாக ஒன்று, 4:1 வடிவில் 1200 × 300 அளவில் ஒன்று என்று கொடுங்கள். ‘499 ரூபாய் முதல்’ என்பதைத் தலைப்புப் பெட்டியில் தட்டச்சு செய்யுங்கள்.

320 × 50 போன்ற பட்டை விளம்பரத்தில் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் நிற்காது. அங்கே விலையே போடாமல் சின்னம், ‘ஓணம் புடவை’, ‘செங்கோட்டை’ இவற்றோடு நிறுத்திவிடுகிறோம்.

7. ஏற்றும்போதும் ஏற்றிய பிறகும்

மெட்டாவின் விளம்பர மேலாளரில் ஒரே படத்தை ஏற்றிவிட்டு நகர்ந்தால், அது தானாக எல்லா இடத்துக்கும் பொருத்திக்கொள்ளும். சதுரம் ஸ்டோரியில் போனால் மேலும் கீழும் நிறம் நிரப்பி வைக்கும். எனவே இடவாரியாகப் படத்தை மாற்றும் வசதியைத் திறந்து, பதிவுகளுக்கு 4:5, ஸ்டோரிக்கும் ரீல்ஸுக்கும் 9:16, வலப்பத்தி போன்ற மற்றவற்றுக்குச் சதுரம் என்று ஒவ்வொன்றாகக் கொடுங்கள். படத்தைத் தானாக மேம்படுத்தும் சுவிட்சுகள் அங்கே இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் போட்ட வேலை மாறிப்போகலாம்.

முன்னோட்டத்தைக் கணினியில் மட்டும் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். முன்னோட்டத்தைக் கைபேசிக்கு அனுப்பி, வேறு வேறு திரை நீளம் கொண்ட இரண்டு கைபேசிகளிலாவது பாருங்கள். நான் கடையில் வேலை செய்யும் அக்காவிடம் மூன்று விநாடி காட்டிவிட்டு எடுத்துவிடுவேன். பிறகு, “என்ன விலை? எந்த ஊர்?” என்று கேட்பேன். “499-லிருந்து, செங்கோட்டை” என்று வந்தால்தான் விளம்பரம் போகும். “499” என்று மட்டும் வந்தால் ‘முதல்’ சிறியதாக இருக்கிறது என்று பொருள், திரும்பவும் நான்காவது படிக்குப் போக வேண்டும்.

8. நாளும் பணமும்

பெரும்பாலான விளம்பரங்களை 24 மணி நேரத்துக்குள் பரிசீலிப்பதாக மெட்டா சொல்கிறது, சிலவற்றுக்குக் கூடுதல் நேரம் ஆகும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தில் படத்தை மாற்றினால் பரிசீலனை மறுபடியும் தொடங்கும். ‘முதல்’ விட்டுப்போனதை, ஓணத்தின் பத்து நாளில் முதல் நாளான அத்தத்துக்கு முந்தின நாள் கண்டுபிடித்தால், கூட்டம் வரும் நாளில் விளம்பரம் நின்றுபோயிருக்கும். தொடங்க வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பே ஏற்றி, தொடங்கும் தேதியைக் குறித்துவிடுங்கள்.

விளம்பரத் தொகையோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். 5,000 ரூபாய் ஒதுக்கினால் 900 ரூபாய் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஜி.எஸ்.டி. எண் இருந்தால் முதல் பணம் கட்டும் முன்பே கணக்கின் கட்டணப் பகுதியில் அதைப் பதிந்துவிடுங்கள், பிறகு பில்லைக் கணக்கரிடம் கொடுக்க எளிதாக இருக்கும்.

முதல் முறை எனக்கு இரண்டு மாலைப்பொழுது பிடித்தது. இப்போது நான்கு கோடுகளோடு மூலப் படம் தயாராக இருப்பதால், துணியின் படத்தையும் விலையையும் மாற்றி ஆறு கோப்புகளை எடுக்க ஒன்றரை மணி நேரம் போதும். அந்த மூலத்தை ‘கோடுகள்’ என்ற பெயரில் தனியாக வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு அதிலிருந்தே நகல் எடுக்கப்போகிறேன்.